கணைய நொதி கேப்ஸ்யூல்: சாப்பாட்டுக்கு முன்பா, சாப்பாட்டோடா?

மல்லிக்கடை | செவ்வாய், இரவு 9.40

வயது 41. மாட்டுத்தாவணி பூச்சந்தையில் கமிஷன் கடை. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஸ்கேனில் கணையத்தில் கல் இருப்பதாகவும் இது நாள்பட்ட கணைய அழற்சி என்றும் சொன்னார்கள். குடிப்பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது. மூன்று ஆண்டுகளாகச் சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. காலையும் இரவும் இன்சுலின்.

எட்டு மாதமாக நொதி கேப்ஸ்யூல் சாப்பிடுகிறேன். மூன்று வேளை, வேளைக்கு ஒன்று, பட்டையில் 10000 என்று போட்டிருக்கிறது. ஆனால் எடை 67 கிலோவிலிருந்து 58க்கு வந்துவிட்டது. நாளைக்கு நான்கு தடவை வயிறு போகிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: மலம் களிமண் நிறத்தில் மிதக்கிறது, இரண்டு வாளி ஊற்றினாலும் போவதில்லை, தண்ணீர்மேல் சாம்பாரில் தாளித்த எண்ணெய் போலப் படலம் நிற்கிறது. வீட்டில் எனக்குப் பிறகு யாரும் அரை மணி நேரம் கழிப்பறைக்குள் நுழைவதில்லை.

கேப்ஸ்யூலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு வெறும் வயிற்றில் போடுகிறேன். நெஞ்செரிச்சல் மாத்திரையையும் அப்போதே போட்டுக்கொள்கிறேன். மருந்து என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லையா, அல்லது நோய் முற்றிவிட்டதா? அடுத்த மாதம்தான் மருத்துவரைப் பார்க்க நாள் கொடுத்திருக்கிறார்கள்.

பழங்காநத்தம் சுந்தரம் | செவ்வாய், இரவு 10.15

தம்பி, எனக்கும் சாப்பிட்டதும் வயிறு உப்பும். மருந்துக்கடையில் ஜீரண மாத்திரை என்று கேட்டால் கொடுப்பார்கள். இரவு ஒன்று போட்டால் காலையில் வயிறு லேசாகிவிடும். விலையும் குறைவு. பன்னிரண்டு ஆண்டுகளாக நான் அதில்தான் ஓட்டுகிறேன். பெரிய விலை கொடுத்து வெளிநாட்டுக் கேப்ஸ்யூல் எதற்கு?

மேலூர் பாண்டி | செவ்வாய், இரவு 11.02

அண்ணே, எனக்கு ஒன்பது ஆண்டுகளாக இதே வியாதி. நேரம் நீங்கள் சொன்னதுதான் சரி. கேப்ஸ்யூல் கரைவதற்கு அவகாசம் வேண்டும், அதனால் முன்கூட்டியே போட வேண்டும். எண்ணெயை அறவே நிறுத்துங்கள். நான் தாளிப்பதையே விட்டுவிட்டேன். நெய், தேங்காய், கறி எதுவும் இல்லை. மலத்தில் எண்ணெய் நின்றுவிட்டது. எடை மட்டும் ஏறவில்லை, 49லேயே நிற்கிறது. அது இந்த வியாதியின் குணம்.

இன்னொன்று, மலத்தில் எலாஸ்டேஸ் என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. அதைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். 200க்கு மேல் வந்தால் கேப்ஸ்யூல் வேலை செய்கிறது, கீழே வந்தால் செய்யவில்லை.

கலா தெப்பக்குளம் | புதன், காலை 6.20

மருத்துவமனையில் உணவியலாளராகப் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். குடல் நோய்ப் பிரிவில் பெரும்பாலும் உங்களைப் போன்றவர்களோடுதான் வேலை. மருத்துவர் இல்லை, அளவை மாற்றிக் கொடுக்கும் உரிமையும் எனக்கு இல்லை. ஆனால் நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயங்கள் கண்ணில் குத்துகின்றன. இரண்டுமே நோய் முற்றியதற்கான அடையாளங்கள் அல்ல.

முதலில் நேரம். இந்தக் கேப்ஸ்யூல் சர்க்கரை மாத்திரை போல இரத்தத்தில் கலந்து வேலை செய்வதில்லை. உள்ளே இருக்கும் கடுகுமணி போன்ற உருண்டைகள் சோற்றோடு பிசைந்து, சோற்றோடு இரைப்பையை விட்டு இறங்கி, சிறுகுடலில் உடைந்து அங்கே வந்து சேர்ந்த கொழுப்பைப் பிளக்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் உருண்டைகள் முன்னால் போய்விடுகின்றன. சோறு பின்னால் தனியாக வருகிறது. மாப்பிள்ளை ஒரு பஸ்ஸிலும் பெண் வேறு பஸ்ஸிலும் போனதுபோல.

பாண்டி தம்பி சொன்ன அவகாசம் கேட்க நியாயமாகத் தோன்றும். மேல்பூச்சு உள்ள இந்த உருண்டைகளுக்கு அது வேண்டாம். ஸ்பெயினில் 2005இல் ஒரே ஆட்களுக்குச் சாப்பாட்டுக்கு முன், நடுவில், முடிந்தவுடன் என மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். நடுவிலும் முடிந்தவுடனும் கொடுத்தது முன்பு கொடுத்ததைவிடக் கொஞ்சம் மேலாக இருந்தது. வித்தியாசம் மலையளவு இல்லை. அவர்கள் சொன்ன "முன்பு" சாப்பிட உட்காரும் நேரம்; நீங்கள் சொல்வது அரை மணி நேரம்.

நெஞ்செரிச்சல் மாத்திரையை அரை மணி நேரம் முன்பு போடுவது மிகச் சரி. அது அப்படித்தான் வேலை செய்யும். இரண்டையும் ஒரே கைப்பிடியில் போட்டதுதான் வினை.

இரண்டாவது விஷயத்துக்கு முன் ஒரு கேள்வி. ஒரு நாளில் நீங்கள் எத்தனை மணிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள், கேப்ஸ்யூல் எத்தனை மணிக்கு? உள்ளபடி எழுதுங்கள், மருத்துவரிடம் சொல்லும் பட்டியல் வேண்டாம்.

சுந்தரம் ஐயா, உங்களுக்குக் கணையம் நன்றாக இருக்கிறது. அந்த ஜீரண மாத்திரை பெரும்பாலும் மாவுச்சத்தைக் கரைக்கும் பூஞ்சை நொதியும் பப்பாளிப் பாலும்தான். இவருக்குக் கரைய வேண்டியது கொழுப்பு.

மல்லிக்கடை | புதன், பிற்பகல் 2.50

அக்கா, உள்ளபடியே எழுதுகிறேன்.

விடியற்காலை 3.30க்குச் சந்தைக்குப் போனதும் பால் டீ, இரண்டு வெண்ணெய் பிஸ்கட். 6 மணிக்கு மாத்திரை, கேப்ஸ்யூல், இன்சுலின். அதன்பிறகும் ஏலம்தான். கை ஓயும்போது 9.30 ஆகிவிடும். அப்போது பொங்கல், உளுந்த வடை. சில நாள் 10.15. பிற்பகல் 3 மணிக்கு வீட்டில் சோறு, கேப்ஸ்யூல் 2.30க்கு. மாலை டீயோடு பஜ்ஜியோ போண்டாவோ. இரவு 9க்குத் தோசை அல்லது வாரம் இரண்டு நாள் பரோட்டா, சால்னா, கேப்ஸ்யூல் 8.30க்கு.

எழுதிய பிறகுதான் தெரிகிறது. காலைக் கேப்ஸ்யூலுக்கும் பொங்கலுக்கும் இடையில் மூன்றரை மணி நேரம். வேளைக்கு ஒன்று என்று சீட்டில் இருந்தது. நான் கடிகார வேளையைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விடியற்காலை 5 மணிக்கு ஏலத்தில் இரண்டு முறை உடம்பு வேர்த்துக் கை நடுங்கியது. சர்க்கரை 58. பூவை எடைபோட முடியாமல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

கலா தெப்பக்குளம் | புதன், மாலை 5.35

கை நடுக்கத்தை அடுத்த மாதம் வரை வைத்துக்கொள்ளாதீர்கள். நாளையே போன் செய்து சொல்லுங்கள். இரவு இன்சுலின் போடுகிறீர்கள், சாப்பிட்டது முழுதாக இரத்தத்தில் ஏறவில்லை, சர்க்கரை இறங்கத்தான் செய்யும். அதோடு கணையம் கெட்டவர்களுக்கு இறங்கும் சர்க்கரையைத் தூக்கி நிறுத்தும் குளுக்ககான் என்ற சுரப்பும் குறைவு. பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள்.

இப்போது அளவு. நாள் முழுவதும் உங்களுக்குக் கிடைப்பது 30000 யூனிட். ஒரு பெரிய சாப்பாட்டுக்கு மட்டுமே பெரும்பாலான மருத்துவர்கள் 40000 அல்லது 50000 யூனிட்டில் தொடங்குவார்கள். வடை, பஜ்ஜி போன்ற சிறு தீனிக்கு அதில் பாதி. அந்தக் கணக்கில் பொங்கல், மதியச் சோறு, இரவுத் தோசை மூன்றுக்கும் சேர்த்து 1,50,000, மாலைப் பஜ்ஜிக்கு 25000. நீங்கள் எடுத்தது ஆறில் ஒரு பங்கு. அதிலும் காலையில் எடுத்தது வீண். ஆக மருந்து உங்களைக் கைவிடவில்லை, மருந்து இன்னும் தொடங்கவே இல்லை.

இதை ஒரு தாளில் நீங்கள் இங்கே எழுதியபடியே மணியோடு எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். "வயிறு சரியில்லை" என்று சொன்னால் வேறு மருந்து எழுதுவார். "பொங்கலுக்குக் கேப்ஸ்யூல் இல்லை, எண்ணெய்ப் படலம் இருக்கிறது, ஒன்பது கிலோ குறைந்தது" என்று சொன்னால் அளவைக் கூட்டுவார்.

எலாஸ்டேஸ் பற்றி: அந்தப் பரிசோதனை அளப்பது உங்கள் சொந்தக் கணையம் சுரப்பதை. கேப்ஸ்யூலில் இருப்பது பன்றிக் கணைய நொதி. அதைப் பரிசோதனை கண்டுகொள்ளாது. எவ்வளவு கேப்ஸ்யூல் போட்டாலும் எண் அப்படியேதான் நிற்கும். நோயைக் கண்டுபிடிக்க நல்ல பரிசோதனை, மருந்து போதுமா என்று பார்க்க உதவாது. பாண்டி தம்பி, 200 என்ற எண் சரிதான், அதை வைத்துக் கேட்ட கேள்விதான் வேறு.

சோழவந்தான் ரஹீம் | புதன், இரவு 8.10

பன்றிக் கணையம் என்று அக்கா போகிற போக்கில் எழுதிவிட்டார். எனக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அதுதான் தடையாக இருந்தது. பட்டையில் சின்ன எழுத்தில் படித்துவிட்டு மூன்று மாதம் தொடவில்லை. மருத்துவரிடம் சொல்லவும் இல்லை; "சாப்பிடுகிறேன்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பதினோரு கிலோ போனது. பிறகு எங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டேன். மாற்று மருந்து உண்டா என்று என்னிடமே திருப்பிக் கேட்டார். இல்லை என்றதும் மருந்தாகச் சாப்பிடு என்றார். ஒவ்வொருவருக்கும் அது அவரவர் முடிவு. ஆனால் சாப்பிடாமல் இருப்பவர் அதை மருத்துவரிடமாவது சொல்லுங்கள். அவர் போதவில்லை என்று எண்ணி அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார், நாம் பெட்டியில் அடுக்கிக்கொண்டே போகிறோம்.

ஒரு சந்தேகமும் இருக்கிறது. எனக்கு எண்ணெய் நின்றது, எடை வந்தது. முதுகுக்குப் பாயும் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. கேப்ஸ்யூலைக் கூட்டினால் வலி குறையுமா?

கலா தெப்பக்குளம் | புதன், இரவு 9.00

ரஹீம் பாய், இதை வலிக்கு நம்பிக் கூட்டாதீர்கள். கொழுப்பு செரிக்காமல் வரும் உப்புசமும் பிசைவும் குறையும். கணையத்தின் சொந்த வலிக்கு இது குணம் தரும் என்று உறுதியாகச் சொல்லும்படி ஆய்வுகள் ஒத்துவரவில்லை. அதற்குக் கல், குழாய் அடைப்பு, வலி மாத்திரை என வேறு வழி பார்க்க வேண்டும்.

மேலூர் பாண்டி | புதன், இரவு 9.45

அக்கா சொன்னதை ஏற்கிறேன், ஆனால் எண்ணெய் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. எண்ணெயை நிறுத்தினால் படலம் நிற்கிறது. கண்ணால் பார்த்தது. அதுவும் போதாதென்று காசைக் கொடுத்து ஆறு கேப்ஸ்யூல் விழுங்குவதா?

கலா தெப்பக்குளம் | வியாழன், காலை 6.05

நிற்கும்தான். எண்ணெய் ஊற்றாத விளக்கில் எண்ணெய் வழியாது. தம்பி, உங்கள் எடை 49. உயரம் எழுதவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். இரவில் வண்டி ஓட்டும்போது எதிர் விளக்குக்குப் பிறகு பாதை தெரிகிறதா? எலும்பு வலி இருக்கிறதா? சின்ன இடிக்கும் நீலம் பாய்கிறதா?

ஏ, டி, ஈ, கே என்ற நான்கு உயிர்ச்சத்துகளும் கொழுப்பில் ஏறித்தான் உள்ளே போகும். கொழுப்பையே நிறுத்தினால் படலம் மறையும், கூடவே அவையும் போய்விடும். முன்பெல்லாம் நாங்களே "கொழுப்பைக் குறை" என்று சீட்டு எழுதிக் கொடுத்தோம். இப்போது அப்படிச் சொல்வதில்லை. சாதாரணமாகச் சாப்பிட்டு, அதற்கு ஏற்ற கேப்ஸ்யூல் போட வேண்டும் என்பதுதான் நடைமுறை.

திருப்பரங்குன்றம் அம்மா | வியாழன், காலை 11.30

கலா அம்மா கேட்ட கேள்வியைப் படித்ததும் உடம்பு சிலிர்த்தது. என் மகனுக்கு 17 வயது. பன்னிரண்டு வயதிலிருந்து கணையக் கல். போன ஆண்டு கிரிவலப் பாதையில் இரவு நடந்து வரும்போது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். வளர்ந்த பிள்ளை இப்படிச் செய்கிறானே என்று அதட்டினேன். பாதை தெரியவில்லை என்றான். கண் மருத்துவர் பார்த்துவிட்டு இரத்தத்தில் உயிர்ச்சத்து ஏ பார்க்கச் சொன்னார். அடிமட்டத்தில் இருந்தது. அவனுக்கு வயிற்றுப்போக்கே கிடையாது. நாளைக்கு ஒரு தடவைதான் போவான். அதனால் கேப்ஸ்யூல் போதும் என்று எல்லோரும் நினைத்துவிட்டோம்.

அவன் காலையில் கேப்ஸ்யூலை விழுங்க மாட்டான், தொண்டையில் நிற்கிறது என்பான். நான் திறந்து சூடான பாலில் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அது தவறா?

மருந்தாளுநர் வில்லாபுரம் | வியாழன், பிற்பகல் 1.15

அம்மா, அது இரண்டு விதத்தில் தவறு. சூடு நொதியைக் கொன்றுவிடும். பாலில் புளிப்பு இல்லாததால் மேல்பூச்சு டம்ளரிலேயே கரைந்துவிடும். பிறகு இரைப்பை அமிலம் மிச்சத்தை முடித்துவிடும். திறந்துதான் ஆக வேண்டும் என்றால் ஆறிய, புளிப்புள்ள ஏதாவது ஒரு கரண்டி, கெட்டித் தயிரோ ஆப்பிள் மசியலோ, அதில் தூவி உடனே விழுங்கச் சொல்லுங்கள். மெல்லக் கூடாது. பிறகு தண்ணீர் குடித்து வாயைச் சுத்தம் செய்யட்டும். உருண்டை ஈறில் தங்கினால் புண்ணாகும்.

மல்லிக்கடை அண்ணனுக்கு ஒரு கேள்வி. கேப்ஸ்யூல் டப்பாவைக் கடையில் எங்கே வைத்திருக்கிறீர்கள்? பூச்சந்தைத் தகரக் கூரை எனக்குத் தெரியும்.

மல்லிக்கடை | வியாழன், பிற்பகல் 3.40

பணப்பெட்டியில். இரும்புப் பெட்டி. சித்திரை மாதம் கைவைத்தால் சுடும். இரண்டு மாதத்துக்கு வாங்கி மொத்தமாக அதில்தான் வைத்திருந்தேன்.

மருந்தாளுநர் வில்லாபுரம் | வியாழன், பிற்பகல் 3.55

நினைத்தேன். பெரும்பாலான டப்பாக்களில் 25 டிகிரிக்குள் வைக்கச் சொல்லி அச்சிட்டிருக்கும். மதுரை வெயிலில் வீட்டுக்குள்ளேயே அது கஷ்டம். இருந்தாலும் இரும்புப் பெட்டியிலும் வண்டிப் பெட்டியிலும் வைப்பதற்கு மன்னிப்பே இல்லை. வீட்டில் குளிர்ந்த மூலையில் மூடியை இறுக்கி வைத்து, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் சட்டைப்பையில் கொண்டுபோங்கள். மழைக்காலத்தில் ஈரமும் எதிரி. அந்தப் பழைய டப்பாவை வைத்து மருந்தின் குணத்தை எடைபோடாதீர்கள்.

10000 கேப்ஸ்யூலும் 25000 கேப்ஸ்யூலும் ஒரே பெயரில் வரும். கடைக்காரர் "இருப்பு இல்லை, இதுவும் அதேதான்" என்று மாற்றிக் கொடுப்பது நடக்கிறது. பெயரைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள்.

மல்லிக்கடை | பதினேழு நாள் கழித்து, ஞாயிறு, மாலை 6.30

தாளில் எழுதிக்கொண்டு போனேன். மருத்துவர் முழுதும் படித்தார், படித்துவிட்டுச் சீட்டைப் பிடுங்கி வேறு எழுதினார். இப்போது 25000 கேப்ஸ்யூல்; பொங்கலுக்கும் சோற்றுக்கும் தோசைக்கும் இரண்டிரண்டு, பஜ்ஜிக்கு ஒன்று. முதல் கவளத்தோடு ஒன்று, பாதியில் ஒன்று. எனக்குப் பாதி என்பது சாம்பார் முடிந்து ரசம் ஊற்றும் நேரம். மனைவி ரசக் கரண்டியைக் கையில் எடுத்ததும் "மாத்திரை" என்கிறாள். இரவு இன்சுலினையும் அன்றே குறைத்தார்.

ஐந்தாம் நாளே படலம் போய்விட்டது. இப்போது நாளைக்கு ஒன்று, அல்லது இரண்டு தடவை. மலம் மூழ்குகிறது. இதை எழுதிச் சந்தோஷப்படும் நாள் வரும் என்று நினைக்கவில்லை.

ஆனால் இரண்டு சிக்கல். பரோட்டா, சால்னா சாப்பிட்ட மறுநாள் மட்டும் படலம் திரும்புகிறது. அடுத்தது, விடியற்காலைச் சர்க்கரை 130 இருந்தது, இப்போது 210, 225. கேப்ஸ்யூல் சர்க்கரையைக் கூட்டுகிறதா? குறைத்துவிடட்டுமா?

பழங்காநத்தம் சுந்தரம் | ஞாயிறு, இரவு 7.00

கேப்ஸ்யூலின் மேலுறையில் சர்க்கரை இருக்கும் தம்பி. உறையை எடுத்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

கலா தெப்பக்குளம் | ஞாயிறு, இரவு 9.25

ஐயா, உறையில் சர்க்கரை இருந்தாலும் 225க்கு அது காரணமாகாது. சாப்பாடு உள்ளே போகத் தொடங்கியிருக்கிறது. இத்தனை நாள் கழிப்பறைக்குப் போனது இப்போது இரத்தத்துக்கு வருகிறது. கேப்ஸ்யூலைக் குறைத்துச் சர்க்கரையை இறக்குவது பட்டினி கிடந்து இறக்குவதற்குச் சமம். இன்சுலினை மறுபடி சரிசெய்ய வேண்டும். வாரம் முழுக்க விடியற்காலை அளவும் இரவு அளவும் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் பேசுங்கள். நீங்களாகக் கூட்ட வேண்டாம், அந்த 58 நினைவிருக்கட்டும்.

பரோட்டாவுக்கு வருவோம். இரண்டு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு மேலே மிதக்கும் சால்னாவை ஊற்றினால், வீட்டுத் தோசையோடு ஒப்பிடும்போது எண்ணெய் பல மடங்கு. இரண்டு கேப்ஸ்யூல் தோசைக்குக் கணக்குப் போட்டது. எங்கள் மருத்துவர்கள் இதற்கு "கனத்த சாப்பாட்டுக்கு ஒன்று கூட்டிக்கொள்" என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பார்கள். உங்கள் மருத்துவரிடமும் அப்படி எழுதி வாங்குங்கள். கல்யாண விருந்துக்கும் கிடா வெட்டுக்கும் அதே கணக்கு. கிராம் எண்ண வேண்டாம், தட்டைப் பார்த்தால் தெரியும்.

பயப்படாதீர்கள் என்பதற்காக உச்ச வரம்பையும் சொல்கிறேன். ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 2500, ஒரு நாளைக்கு 10000 யூனிட் தாண்டக் கூடாது என்பது வழக்கமான எல்லை. மிக அதிக அளவு எடுத்த, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயுள்ள குழந்தைகளுக்குப் பெருங்குடல் சுருங்கியதைப் பார்த்து வந்த எல்லை அது. 58 கிலோவுக்கு வேளைக்கு 1,45,000 ஆகிறது. பரோட்டாவுக்கு மூன்று போட்டாலும் 75000தான்.

மேலூர் பாண்டி | ஞாயிறு, இரவு 10.40

அக்கா, ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். நீங்கள் கேட்ட பிறகு இரவில் வண்டியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எதிர் லாரி போன பிறகு கொஞ்ச நேரம் இருட்டு. எல்லோருக்கும் அப்படித்தான் என்று இருந்தேன். செவ்வாய்க்கிழமை இரத்தம் கொடுக்கிறேன். உயரம் ஐந்தடி ஏழு அங்குலம்.

தாளிக்காத ரசத்தைப் பற்றி மட்டும் யாரும் எதுவும் சொல்லாதீர்கள். அது பழகிவிட்டது.

மல்லிக்கடை | ஏழு வாரம் கழித்து, வெள்ளி, மாலை 5.10

எடை 61.5. இன்சுலினைத் திரும்பக் கூட்டியிருக்கிறார்கள், விடியற்காலை 120, 140. பரோட்டாவுக்கு மூன்று, படலம் இல்லை.

ஆனால் மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரத்தில் வயிறு மத்தளம்போல உப்புகிறது, வாரத்தில் இரண்டு மூன்று நாள் தண்ணீராகப் போகிறது. எண்ணெய் இல்லை, மிதக்கவில்லை. மருத்துவர் மதியத்துக்கு மட்டும் மூன்றாக்கினார். பத்து நாள் ஆயிற்று, மாற்றமில்லை. நான்காக்கலாமா என்று கேட்கப் போகிறேன்.

கலா தெப்பக்குளம் | வெள்ளி, இரவு 8.45

கேளுங்கள், ஆனால் கூடவே இன்னொன்றையும் கேளுங்கள். அளவு போதவில்லை என்றால் கூட்டும்போது கொஞ்சமாவது அசையும். உங்களுக்கு அசையவில்லை, எண்ணெயும் இல்லை, எடையும் ஏறுகிறது. அப்படியானால் குற்றவாளி வேறாக இருக்கலாம். இந்த நோயில் சிறுகுடலில் கிருமிகள் அளவுக்கு மீறிப் பெருகுவது அடிக்கடி நடக்கிறது. உப்புசமும் தண்ணீர்ப் போக்கும் அதிலும் வரும். அதைக் கண்டறியும் மூச்சுப் பரிசோதனை எல்லா இடத்திலும் கிடைக்காது. சிலர் ஆன்டிபயாட்டிக் ஒரு சுற்று கொடுத்துப் பார்ப்பார்கள். பால் ஒத்துக்கொள்ளாமையும் இருக்கலாம். மதியம் தயிரும் மோரும் எவ்வளவு? நெஞ்செரிச்சல் மாத்திரை இன்னும் போடுகிறீர்களா? அமிலம் குறைந்தால் நொதிக்கு உதவி, ஆனால் கிருமிக்கும் கதவு திறக்கும் என்று ஒரு வாதம் இருக்கிறது. மருத்துவர்களிடையே இதில் ஒரே கருத்து இல்லை.

சோழவந்தான் ரஹீம் | வெள்ளி, இரவு 9.20

எனக்கு இதே உப்புசம் வந்து ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் நன்றாக இருந்தது, பிறகு திரும்பியது. இப்போது இரண்டாவது சுற்று.

வேறு ஒரு சின்னக் கேள்வி. விளக்குத்தூண் பக்கம் போனால் ஜிகர்தண்டா குடிக்காமல் வர முடிவதில்லை. குடிப்பதுதானே, அதற்கும் கேப்ஸ்யூலா?

கலா தெப்பக்குளம் | வெள்ளி, இரவு 9.50

பாய், சுண்டக் காய்ச்சிய பாலும் ஐஸ்கிரீமும் ஒரு டம்ளரில். அது குடிக்கும் சாப்பாடு. ஒன்று போடுங்கள், முதல் வாயோடு. கடுங்காப்பி, இளநீர், பழம், சர்பத் இவற்றுக்கு வேண்டாம். சர்க்கரை இருந்தால் ஜிகர்தண்டாவைப் பற்றி வேறு இழையில் திட்டுகிறேன்.

மல்லிக்கடை | சனி, விடியற்காலை 4.05

தயிர் மதியம் ஒரு பெரிய கிண்ணம், மேலே மோர் வேறு. இன்றிலிருந்து ஒரு வாரம் நிறுத்திப் பார்க்கிறேன். திங்களன்று மருத்துவரிடம் கிருமி விஷயத்தையும் கேட்கிறேன்.

இப்போது கையில் டீ இருக்கிறது. அரை டம்ளர், கொஞ்சம் பால். அக்கா இதற்கு வேண்டாம் என்பார், மருத்துவர் ஒன்று போடு என்கிறார். நான்கு நாளாக டீக்கு மட்டும் போடாமல் பார்க்கிறேன், படலம் வரவில்லை. வெண்ணெய் பிஸ்கட்டை எடுத்தால் பையிலிருந்து ஒன்றை எடுக்கிறேன். ஏலம் தொடங்கிவிட்டது.